ஆங்கிலக் குறும்படத்துக்குத் தமிழ் வசனம்: பேச்சு மாதிரியே வர என்ன செய்வது?

தாழம்பூ

வணக்கம். 18 நிமிடம் ஓடும் ஓர் ஆங்கிலக் குறும்படத்துக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படம். மீனவரான அப்பா இறந்துபோகிறார். மகன் டேனி லண்டனிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடுகிறது. அக்கா மார்த்தாவும் அவள் கணவர் காலினும் அப்பாவின் படகையும் விற்றுவிட்டார்கள். சமையலறையில் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளும் நான்கு நிமிடக் காட்சிதான் படத்தின் உயிர். அதிலிருந்து சில வரிகளை ஆங்கில ஒலிப்பிலேயே தருகிறேன்.

மார்த்தா: வீ சோல்ட் த போட், டேனி.
டேனி: ஹூ இஸ் வீ?
மார்த்தா: காலின் அண்ட் மீ. யூ நெவர் கால்டு.
டேனி: யூ திங்க் ஐ டுக் ஹிஸ் வாட்ச்?
மார்த்தா: ஐ நெவர் செட் யூ டுக் இட். (சற்று நிறுத்தி) ராப் செஸ் ஹீ வில் டேக் த டாக்.

நான் எழுதியது:

"நாங்க படகை வித்துட்டோம், டேனி."
"நாங்கன்னா யாரு?"
"காலினும் நானும். நீ ஒருபோதும் கூப்பிடல."
"நான் அவரோட வாட்சை எடுத்தேன்னு நீ நினைக்கிறியா?"
"நீ அதை எடுத்தேன்னு நான் ஒருபோதும் சொல்லல. ராப் நாயை எடுத்துக்கிறதா சொல்றாரு."

இதில் ‘விற்றுவிட்டோம்’, ‘அழைக்கவில்லை’ போன்ற ஏட்டு வடிவங்கள் எதுவும் இல்லை. எல்லாம் பேச்சு வழக்குதான். ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் யாரோ ஆங்கிலத்தை ஒப்பிப்பது போல்தான் கேட்கிறது. எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

வரிக்குவரி

இவ்வளவு பேச்சு வழக்கு எதற்கு? திரைக்குக் கீழே வரும் எழுத்தை மக்கள் வேகமாகப் படிக்க வேண்டும். ‘வித்துட்டோம்’ என்று அச்சில் வந்தால் கண் தடுக்கும். ‘படகை விற்றுவிட்டோம்’ என்பது நொடியில் புரிந்துவிடும். நான் எழுதும் படங்களில் பெயரையும் விளியையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். டேனியைத்தான் திரையில் பார்க்கிறோமே, பெயரை வேறு எதற்குப் படிக்க வேண்டும்? ‘ஒருபோதும்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

தாழம்பூ

ஐயா, இது சப்டைட்டில் இல்லை, டப்பிங். நடிகர்கள் தமிழில் பேசப்போகிறார்கள். ஆனால் ‘ஒருபோதும்’ பற்றி நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

நெல்லைச் சங்கரன்

அடிப்படையிலேயே சிக்கல் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரனைத் தமிழ் பேச வைத்தால் எப்படி எழுதினாலும் ஒட்டாது. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை மேடைக்குக் கொண்டுவந்தபோது அவனை அமலாதித்யனாக்கினார். பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் நம் பக்கம் கொண்டுவந்தார். நீங்களும் கதையைத் தூத்துக்குடிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். மார்த்தா, டேனியல் என்ற பெயர்களைக்கூட மாற்ற வேண்டியதில்லை, அந்தக் கரையில் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர்கள்தான். இன்னொன்று, கடலுக்குப் போகிறவன் வீட்டில் யாரும் ‘படகு’ என்று சொல்ல மாட்டார்கள். என்ஜின் வைத்தது என்றால் ‘போட்டு’தான்.

ஒலிக்கூடம்

சங்கரன் ஐயா சொன்னதில் ‘போட்டு’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பயன் பின்னால் தெரியும். கதையைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவது மட்டும் இங்கே நடக்காது. மேடையில் ஆளும் திரைச்சீலையும் நம்முடையவை. டப்பிங்கில் படம் ஏற்கெனவே எடுத்து முடிந்தது. சன்னலுக்கு வெளியே கருங்கல் வீடுகளும் சாம்பல் வானமும் தெரியும்போது, பேசுகிறவர் தூத்துக்குடிக்காரர் என்று எவரையும் நம்ப வைக்க முடியாது.

தாழம்பூ, நீங்கள் வினைமுற்றுகளைப் பேச்சுக்கு மாற்றியிருக்கிறீர்கள், வாக்கியத்தின் எலும்பு ஆங்கிலமாகவே இருக்கிறது. நான், நீ, அதை, அவரோட என்று ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு மூவிடப்பெயருக்கும் தமிழில் ஒன்று வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அவை இல்லாமல் வாக்கியமே நிற்காது. தமிழில் பெரும்பாலும் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. அதற்கு மேலும் ‘நான்’ என்று சொன்னால், ‘வேறு யாருமில்லை, நான்’ என்று அழுத்திச் சொல்வதாகத்தான் காதில் விழும். ஐந்து வரியில் ஐந்தாறு முறை அப்படி அழுத்தினால் ஒப்பிப்பது போல்தான் இருக்கும்.

இப்போது முதல் வரிக்கு வருகிறேன். இந்தக் காட்சியே அதில்தான் தொங்குகிறது. ஆங்கிலத்தில் ‘வீ’ என்பதில் கேட்பவன் உண்டா இல்லையா என்று தெரியாது. அதனால்தான் டேனி ‘ஹூ இஸ் வீ’ என்று கேட்க முடிகிறது. ‘அந்த வீயில் நான் இல்லையா’ என்பதுதான் அந்தக் கேள்வியின் வலி. தமிழில் ‘நாம’, ‘நாங்க’ என இரண்டு இருக்கின்றன. ‘நாங்க வித்துட்டோம்’ என்று மார்த்தா சொன்ன கணமே, நீ இதில் சேர்த்தி இல்லை என்று முகத்தில் அடித்தாயிற்று. அதன்பிறகு ‘நாங்கன்னா யாரு’ என்று அவன் கேட்பது வெறும் விவரம் கேட்பதாகிவிடுகிறது. மூல ஆசிரியர் இரண்டாவது வரிக்காகச் சேர்த்துவைத்ததை நீங்கள் முதல் வரியிலேயே செலவழித்துவிட்டீர்கள்.

யார் செய்தது என்பதை மறைத்துச் சொல்லத் தமிழில் அருமையான வழி ஒன்று இருக்கிறது. ‘வித்தாச்சு.’ சாப்பிட்டாச்சு, சொல்லியாச்சு, கட்டியாச்சு என்று நாள் முழுக்க நாம் சொல்வதுதான். வேலை முடிந்தது, இனி பேசிப் பயனில்லை என்ற தொனியும் அதற்குள்ளேயே இருக்கிறது. மார்த்தா ‘போட்ட வித்தாச்சு’ என்றால், டேனி ‘யாரு வித்தது?’ என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு மறுபடி உயிர் வந்துவிடும்.

அடுத்தது உதடு. முதல் வரியில் முகம் நெருக்கத்தில் இருக்கிறதா?

தாழம்பூ

ஆம், மார்த்தாவின் முகம் மட்டும்தான் சட்டகத்தில் இருக்கிறது. ‘வீ சோல்ட்’ என்று தொடங்கி ‘டேனி’ வரை வெட்டே இல்லை. ‘யூ நெவர் கால்டு’ சொல்லும்போது அவள் பாத்திரம் கழுவ முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். வாட்ச் பற்றிய பேச்சில் இருவரும் தொலைவில், பக்கவாட்டில் தெரிகிறார்கள்.

ஒலிக்கூடம்

அப்படியென்றால் நேரம் செலவழிக்க வேண்டியது முதல் வரிக்குத்தான். உதட்டுப் பொருத்தம் என்றால் எல்லா ஒலியும் பொருந்த வேண்டும் என்று புதிதாக எழுதுகிறவர்கள் பயப்படுகிறார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது உதடு மூடித் திறக்கும் இடம்தான். ஆங்கிலத்தில் b, m, p. நமக்கு ப, ம. வரியின் தொடக்கமும் முடிவும் படத்தோடு சேர்ந்து, உதடு மூடும் இடத்தில் நமக்கும் ஒரு ப அல்லது ம விழுந்துவிட்டால், நடுவில் நாக்கு செய்கிற வேலையைப் பார்வையாளர் கவனிப்பதில்லை.

‘வீ - சோல்ட் - த - போட் - டே - னி.’ ஆறு அசை. உதடு மூடுவது நான்காவது அசையில். ‘போட்ட வித்தாச்சு, டேனி’ என்று எழுதினால் நம் ‘போ’ முதல் அசையிலேயே வந்துவிடுகிறது. அவள் உதடு நான்காவதில் மூடும்போது நாம் ‘தாச்சு’ என்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்போம்.

திருப்பிப் போடுங்கள்: ‘வித்தாச்சு போட்ட, டேனி.’ வித் - தாச் - சு - போட். நான்காவதில் சரியாக விழுகிறது. முதல் அசையில் ஆங்கில ‘வீ’க்கு உதடு குவிகிறது, நம் ‘வி’க்குக் கீழுதடு பல்லைத் தொடுகிறது. அச்சு அசலாக ஒன்றில்லை என்றாலும் உறுத்தாது. ‘போட்ட’ என்பதன் கடைசி அசை கூடுதல்தான். அது குறில், ‘டேனி’யோடு ஒட்டி ஓடிவிடும்.

வினைக்குப் பின்னால் பெயரை வைப்பது தப்பு என்று பள்ளிக்கூட இலக்கணம் நமக்குப் பழக்கிவிட்டது. பேச்சில் நாள் முழுக்க அப்படித்தான் வைக்கிறோம். ‘வந்துட்டானா உன் தம்பி?’, ‘குடுத்துட்டேன் பணத்த.’ முக்கியமான செய்தி முதலில் வெளியே வந்துவிடும், எதைப் பற்றியது என்பது பின்னால் ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் வினை கடைசியில்தான் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு டப்பிங் வசனம் பாதி இடத்தில் கைகொடுக்காது.

நாடகக்காரி

நான் மேடையிலும் டப்பிங்கிலும் பேசுகிறவள். ‘வித்தாச்சு போட்ட’ என்பது வாய்க்கு அழகாக வருகிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மார்த்தாவை எண்ணிப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அவள் ‘வீ’ என்று சொல்லிப் பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறாள். ‘வித்தாச்சு’ என்பது பொறுப்பிலிருந்து நழுவுகிறவள் சொல்வது. வீட்டில் கண்ணாடி தம்ளர் உடைந்தால் குழந்தை ‘உடைஞ்சு போச்சு’ என்று சொல்லுமே, அந்தச் சாயல் இதிலும் இருக்கிறது. அந்தப் பெண் தம்பியின் கண்ணைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்றால் எனக்கு ‘நாங்க’ வேண்டும். முகத்தில் அடிக்கிறது என்கிறீர்கள், அடிக்கத்தான் வந்திருக்கிறாளோ என்னவோ.

ஒலிக்கூடம்

இது நியாயமான கேள்வி, பதில் படத்தில்தான் இருக்க வேண்டும். அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று தாழம்பூதான் சொல்ல வேண்டும். கீழே பார்த்துச் சொல்கிறாள் என்றால் ‘வித்தாச்சு’. நேராகப் பார்த்துச் சொல்கிறாள் என்றால் நாடகக்காரி சொல்வது போல் ‘நாங்க’ வரலாம். ஆனால் அப்போது டேனியின் வரியை மாற்ற வேண்டும். ‘நாங்கன்னா யாரு’ வேண்டாம், ‘நாங்களா?’ என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்திலும் அது மூன்றே அசை.

வன்னிமரம்

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். நான் கனடாவில் இருக்கிறேன். எங்கள் சமூக நிலையத்தில் முதியவர்களுக்காக நீரிழிவு பற்றிய ஒரு காணொளிக்கு ஆங்கிலத்தில் ஸ்கிரிப்ட் தந்திருக்கிறார்கள். கேட்கப்போகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்து அம்மாமார், ஐயாமார். முன்பு தமிழ்நாட்டுப் பேச்சில் குரல் கொடுத்த ஒரு காணொளியைப் போட்டபோது, ‘படம் போடுறாங்கள்’ என்று சொல்லிவிட்டு அவரவர் கதையில் இறங்கிவிட்டார்கள். தங்களிடம்தான் பேசுகிறது என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ‘உங்கள் பாதங்களைத் தினமும் பரிசோதிக்க வேண்டும்’ என்று எழுத்துத் தமிழில் எழுதினால் வானொலிச் செய்தி போல் இருக்கிறது. ‘ஒவ்வொரு நாளும் காலை வடிவாப் பாருங்கோ’ என்று எழுதலாமா? அலுவலகத்தில் மரியாதை குறைவு என்று சொல்லிவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

நாடகக்காரி

வன்னிமரம், ‘பாருங்கோ’ என்பதில் என்ன மரியாதைக் குறைவு? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அப்படித்தானே பேசுவீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். ‘காலைப் பாருங்கோ’ என்றால் முழங்காலுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நீரிழிவுக்காரருக்குப் புண் தெரியாமல் போகிற இடம் உள்ளங்காலும் விரல் இடுக்கும். உணர்ச்சி குறைந்திருக்கும், வலிக்காது, அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள். ‘உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கோ, குனிய ஏலாட்டி கண்ணாடிய வச்சுப் பாருங்கோ’ என்று சொல்லிவிட்டால் ‘பரிசோதிக்க’ என்ற சொல்லே தேவைப்படாது.

வன்னிமரம்

கண்ணாடி ஆங்கில ஸ்கிரிப்ட்டில் மூன்று வரி தள்ளி வருகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் நீளமும் குறையும். இப்படியே எழுதிக் காட்டுகிறேன். நன்றி அக்கா.

ஒலிக்கூடம்

மறுபடி சமையலறைக்கு வருவோம்.

‘யூ நெவர் கால்டு.’ இங்கே முதுகு திரும்பியிருக்கிறது, உதட்டுக்கவலை இல்லை. ‘ஒரு போன் பண்ணல நீ.’ அவ்வளவுதான். ‘ஒருபோதும்’ நம் பேச்சில் இல்லாத சொல். ஆங்கிலம் ‘நெவர்’ கொண்டு செய்வதை நாம் ‘ஒரு’ கொண்டோ ‘ஏ’ கொண்டோ செய்துவிடுகிறோம். ‘ஒரு வார்த்தை சொல்லல’, ‘வரவே இல்ல’. கடைசியில் தொங்கும் ‘நீ’யை விட்டுவிடாதீர்கள், குற்றச்சாட்டே அதில்தான் இருக்கிறது. இதுவே முகம் தெரியும் வரியாக இருந்தால் ‘போன் பண்ணல’வில் இரண்டு முறை உதடு மூடும், ஆங்கிலத்தில் ஒரு முறைகூட மூடாது. அப்போது ‘ஒரு வார்த்தை கேக்கல நீ’ என்று போவேன். கொஞ்சம் பொருள் நகர்கிறது, இயக்குநரிடம் கேட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

‘ஐ நெவர் செட் யூ டுக் இட்.’ இந்த வரியை மொழிபெயர்ப்பதற்கு முன் அந்த நடிகை எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாகவே இருக்கும், குரல்தான் பொருளை மாற்றும். தமிழில் அந்த வேலையை ‘ஆ’வும் ‘தான்’னும் செய்கின்றன, அதனால் எழுதும்போதே முடிவெடுத்தாக வேண்டும். ‘ஐ’யை அழுத்தினால் ‘நானா சொன்னேன்?’ ‘செட்’டை அழுத்தினால் ‘அப்படிச் சொன்னேனா?’ ‘யூ’வை அழுத்தினால் ‘உன்னையா சொன்னேன்?’ மூன்றிலும் ‘இல்லை’ இல்லை என்பதைப் பாருங்கள். சண்டையில் தமிழர் மறுப்பது கேள்வியாகத்தான். ‘நான் சொல்லவில்லை’ என்று நிதானமாக மறுப்பவர் சாட்சிக் கூண்டில் நிற்பவராகத் தெரிவார்.

‘ராப் செஸ்’ வரிக்கு ‘சொல்றாரு’ வேண்டியதே இல்லை. ‘நாய ராப் பாத்துக்குவாராம்.’ கடைசி ‘ஆம்’ பிறர் சொன்னதைச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடும். வெறுமனே தகவலாகவும் சொல்லலாம், ‘இவர் பார்த்துக்கொண்டுவிடுவாராக்கும்’ என்ற கசப்போடும் சொல்லலாம். எது என்பதை நடிகை தீர்மானிக்கட்டும்.

தாழம்பூ

படத்தை மறுபடி பார்த்தேன். ‘யூ’வைத்தான் அழுத்துகிறார். அப்படியென்றால் வேறு யாரையோ மனத்தில் வைத்துத்தான் பேசுகிறாள். மூன்று காட்சி தள்ளி, வாட்ச்சை எடுத்தவர் காலின் என்று தெரியவருகிறது! ‘உன்னையா சொன்னேன்?’ என்றால் அந்த முடிச்சும் இங்கேயே விழுந்துவிடுகிறது. என் பழைய வரியில் அது காணாமலே போயிருந்தது.

முதல் வரியில் அவள் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் தொடங்குகிறாள். ‘போட்’ சொன்ன பிறகு நிமிர்ந்து ‘டேனி’ என்கிறாள். ஆகவே ‘வித்தாச்சு’ என்று வைக்கிறேன்.

நெல்லைச் சங்கரன்

இவ்வளவு நுணுக்கம் எழுதுகிறவர் பார்க்க வேண்டுமா? மைக் முன்னால் நிற்கும் கலைஞர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பொருளை எழுதிக் கொடுத்தால் வாய்க்கு வசதியாக அவர்களே மாற்றிக்கொள்வார்கள். நல்ல கலைஞர்கள் அப்படித்தான் செய்து பார்த்திருக்கிறேன்.

நாடகக்காரி

மாற்றுவோம், உண்மைதான். ஒரு ‘வந்து’, ஒரு ‘அதான்’ சேர்ப்போம், அசை இடித்தால் சொல்லைக் குறைப்போம். ஆனால் எங்கள் கையில் இருப்பது எங்கள் வரி மட்டும்தான். பல சமயம் எதிரில் பேசுகிறவர் அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில்கூட இருக்க மாட்டார், தனித்தனியாகப் பேசித்தான் பதிவு செய்வார்கள். நான் ஓட்டத்தில் ‘நாங்க’வை ‘நாம’ என்று மாற்றிவிட்டால் மறுநாள் வந்து டேனிக்குப் பேசுகிறவருக்குக் கேள்வி கேட்க இடமே இருக்காது. வாட்ச்சை எடுத்தது காலின் என்பது அந்தக் காட்சியை மட்டும் பார்த்துப் பேசும் எனக்கு எப்படித் தெரியும்? கதை முழுக்கத் தெரிந்தவர் எழுத்தாளர்தான்.

எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பேச்சு வழக்கை எழுதும்போது காதில் விழுகிறபடியே எழுதிவிடாதீர்கள். ‘வந்தா’ என்று இருந்தால் அவள் வந்தாளா, அவன் வந்தானா, வந்தால் என்பதா என்று முதல் பார்வையில் தெரியாது. படம் ஓடிக்கொண்டிருக்கும், யோசிக்க நேரமில்லை. ஆணுக்கு ‘வந்தான்’ என்றே எழுதுங்கள், அந்த ன்-ஐ மூக்கில் இழுத்து முடிப்பது எங்கள் வாய்க்குத் தானாக வரும். பெண்ணுக்கு ‘அவ வந்தா’ என்று பெயரைச் சேர்த்துவிடுங்கள். ‘போட்ட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் ‘போட்டை’ என்று எழுதினால் ‘நீ போட்ட சண்டை’ என்பதில் வரும் ‘போட்ட’வோடு குழம்பாது. பேசும்போது நாங்கள் குறைத்துக்கொள்வோம்.

ஒலிக்கூடம்

‘போட்டை’ என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை படிக்கும்போது தடுக்காத எழுத்துத்தான் நல்ல எழுத்து.

தாழம்பூ

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. டேனி அக்காவை ‘மார்த்தா’ என்று காட்சியில் மூன்று இடத்தில் கூப்பிடுகிறான். தமிழ்த் தம்பி அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். ‘அக்கா’ என்று போட்டால் உதடு மூடாது, மூன்று இடத்திலும் முகம் தெரிகிறது.

நெல்லைச் சங்கரன்

‘அக்கா’ இல்லாமல் அது அக்கா தம்பி பேச்சாகவே இருக்காது. உதடு ஒரு கணம் பிசகினால் பிசகட்டும்.

வரிக்குவரி

எனக்கு மாறாகத் தோன்றுகிறது. திரையில் இருப்பவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் வாயில் ‘அக்கா’ கேட்டால் ஊர் மறைந்துவிடும். வெளிநாட்டுப் படம் என்று தெரிந்துதான் பார்க்க உட்காருகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதை ஏற்றுக்கொள்வார்கள்.

ஒலிக்கூடம்

நான் ‘மார்த்தாக்கா’ என்று எழுதுவேன். ‘மா’ உதட்டை மூடிக்கொள்ளும், கூடுதலாக வரும் ‘க்கா’வைச் சற்று விரைவாகச் சொன்னால் அடங்கிவிடும். கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படிக் கூப்பிடுவது சாதாரணம். ஆனால் வரிக்குவரி சொல்வதை இது தீர்த்துவிடவில்லை. உடையும் சுவரும் அந்த ஊராகவும், உறவு முறை நம் ஊராகவும் இருப்பது சிலருக்கு இடிக்கத்தான் செய்யும். எனக்கு இடிக்காது. எல்லாருக்கும் ஒரே காது இல்லை.

தாழம்பூ

இப்போதைக்கு இப்படி நிற்கிறது:

மார்த்தா: (மேசையைப் பார்த்து) வித்தாச்சு போட்டை... (நிமிர்ந்து) டேனி.
டேனி: யாரு வித்தது?
மார்த்தா: மாமாவும் நானும். (திரும்பிக்கொண்டு) ஒரு போன் பண்ணல நீ.
டேனி: அப்பா வாட்ச்ச நான் எடுத்தேங்கிறியா, மார்த்தாக்கா?
மார்த்தா: உன்னையா சொன்னேன்? (இடைவெளி) நாய ராப் பாத்துக்குவாராம்.

காலினை ‘மாமா’ ஆக்கியது சரியா என்று தெரியவில்லை. தம்பியிடம் சொல்லும்போது அக்காவுக்கு அப்படித்தான் வரும் என்று வைத்தேன். ‘காலின்’ என்ற பெயர் அதற்கு முன்பே படத்தில் இரண்டு முறை வந்துவிடுகிறது, ஆகவே யார் என்று குழம்பாது.

நாடகக்காரி

‘அப்பா வாட்ச்ச’ நன்றாக இருக்கிறது, ‘அவரோட’ போனதே பெரிய நிம்மதி. ஆனால் அந்த வரியில் ஆங்கிலத்தில் ‘மார்த்தா’ இல்லையே, நீங்கள் சேர்த்ததா? தொலைவிலிருந்து எடுத்த காட்சி என்பதால் உதடு தெரியாது, ஆனால் நீளம் தெரியும். ஆங்கிலத்தில் ஆறு அசைதான். உங்களுடையது இரு மடங்குக்கும் மேல். டேனி வாயை மூடிய பிறகும் குரல் ஓடும். ‘அப்பா வாட்ச் எடுத்தேங்கிறியா?’ என்று நிறுத்துங்கள். அதுவே கொஞ்சம் நீளம்தான், வேகமாகச் சொல்லிச் சமாளிக்கலாம்.

‘உன்னையா சொன்னேன்?’ என்பதற்கு அடுத்த இடைவெளி எத்தனை நொடி என்று ஸ்கிரிப்ட்டில் குறித்துவிடுங்கள். அதில் அவள் மூச்சு இழுக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்பதையும். அந்த மூச்சையும் நான்தான் பேச வேண்டியிருக்கும்.

தாழம்பூ

இழுக்கிறாள். குறித்துவிட்டேன். பெயரையும் எடுத்துவிட்டேன். மாமாவா காலினா என்பதை இயக்குநரிடம் இன்று இரவு கேட்கிறேன்.